தெரியாத எழுத்தைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள்

சேலம், நாமக்கல் பக்கத்து நகைக்கடைகளிலும் அடகுக்கடைகளிலும் கோப்பை, கேடயம் செய்யும் கடைகளிலும் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து எழுத்தெடுக்கும் உங்களுக்கு,

நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பெயர் வெட்டுகிறவன். மோதிரத்துக்குள் பெயரும் தேதியும், பித்தளைத் தகட்டில் வெற்றி பெற்ற அணியின் பெயரும் வெட்டுவதுதான் என் பிழைப்பு. நீங்கள் எடுத்துத் தரும் எழுத்தைத்தான் நான் வெட்டுகிறேன். நீங்கள் எழுதிய எண்ணைத்தான் பதிவேட்டில் அடுத்தவர் படிக்கிறார். அதனால்தான் உங்களிடம் நேராகவே பேசுகிறேன்.

உங்கள் மேசைக்கு நகை வருவது குறைந்துவிட்டது, படம்தான் வருகிறது. அந்தப் படத்தில் பாதி எழுத்தின் மேல் வெளிச்சம் அடித்திருக்கிறது. நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறீர்கள், பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள், கடைசியில் ஆறு எழுத்தையும் அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிடுகிறீர்கள். அந்த அழகுதான் என் குறை. ஆறில் எந்த நான்கைக் கண்ணால் பார்த்தீர்கள், எந்த இரண்டை ஊகித்தீர்கள் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரம் போனால் உங்களாலேயே சொல்ல முடியாது.

ஓர் அடகுக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். வயதான அம்மா ஒருவர் மோதிரத்தை மீட்கப் பணத்தோடு வந்தார். அடகுச் சீட்டில் எழுதியிருந்த எண்ணும் மோதிரத்தில் இருந்த எண்ணும் ஒத்துப் போகவில்லை. ஓர் எழுத்துதான் வேறு. சீட்டில் B, மோதிரத்தில் 8. மோதிரம் மாறிவிட்டதா, மாற்றிவிட்டார்களா என்று கடைக்காரருக்கும் சந்தேகம், அந்த அம்மாவுக்கும் சந்தேகம். எடை ஒத்துப்போனது, மோதிரம் அவருடையதுதான் என்று கடைசியில் தெளிவானது. ஆனால் அதுவரை அவரை நிற்க வைத்துப் பேசிய பேச்சைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லை. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. வெளிச்சம் அடித்த ஒரு படத்தைப் பார்த்து யாரோ ஓர் எழுத்தை ஊகித்து எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

அந்த எண்ணுக்கு முன்பைவிட இப்போது கனம் கூடிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 2021 ஜூலையிலிருந்து ஒவ்வொரு ஹால்மார்க் தங்க நகைக்கும் தனித்தனியாக ஆறு இடம் கொண்ட எண் வந்தது. எழுத்தும் இலக்கமும் கலந்த அந்த எண்ணை HUID என்கிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாத ஹால்மார்க் தங்க நகையைக் கடையில் விற்கவே கூடாது என்றாகிவிட்டது. முன்பெல்லாம் 916 இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 916 ஆயிரம் மோதிரத்தில் இருக்கும், அதை வைத்து ஒன்றை அடையாளம் காட்ட முடியாது. இந்த ஆறு எழுத்து அந்த ஒரு மோதிரத்துக்கு மட்டும் உரியது. ஓர் எழுத்து பிசகினால் நீங்கள் எழுதியது வேறொருவருடைய நகையின் எண்ணாகவும் இருந்துவிடலாம்.

இனி மோதிரத்துக்குள் வெளிச்சம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அது புரிந்தால் பாதி வேலை தீர்ந்தது.

மெருகேற்றிய தங்கத்தைப் படம் எடுக்கும்போது கேமராவுக்குத் தங்கம் தெரிவதில்லை. தங்கத்துக்கு எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் தெரிகிறது. எதிரில் ட்யூப்லைட் இருந்தால் அந்த இடம் வெள்ளை, எதிரில் இருட்டுச் சுவர் இருந்தால் அந்த இடம் கருப்பு. எழுத்து வெட்டிய இடம் மட்டும் சரிவாகவோ சொரசொரப்பாகவோ இருப்பதால் அது வேறு பக்கத்து வெளிச்சத்தைக் காட்டுகிறது. ஆகவே வெள்ளையாகத் தெரியும் பகுதியில் எழுத்து கருப்பாக இருக்கும், கருப்பாகத் தெரியும் பகுதியில் எழுத்து வெளுப்பாக இருக்கும். ஒரே மோதிரத்தில், ஒரே படத்தில், முதல் மூன்று எழுத்து கருப்பாகவும் அடுத்த மூன்று வெளுப்பாகவும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கருப்பு எழுத்து வெளுப்பாக மாறுகிற அந்த எல்லையில்தான் ஆபத்து. அங்கே எழுத்தும் பின்புறமும் ஒரே நிறமாகிவிடும். எழுத்து அழிந்திருக்காது, வெளிச்சம் கண்ணைக் கூசாது, படமும் தெளிவாகவே இருக்கும், ஆனால் எழுத்தின் ஒரு கோடு மட்டும் காணாமல் போயிருக்கும். வெளிச்சம் கொட்டிய இடத்தில் தெரியவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். இந்த எல்லையில் மீதியிருக்கும் கோடுகள் சேர்ந்து இன்னொரு எழுத்தாகத் தெரியும். E-யின் கீழ்க்கோடு போனால் F. Q-வின் வால் போனால் O. 8-இன் இடப்பக்கம் போனால் 3. நீங்கள் சந்தேகமே இல்லாமல் எழுதிவிடுவீர்கள், ஏனென்றால் கண்ணுக்கு அது முழு எழுத்து. அதனால், பளிச்சென்ற இடத்தைவிட அதன் ஓரத்தில் இருக்கும் எழுத்தை நீங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளிச்சம் வரும் திசைக்கும் இதில் பங்கு உண்டு. விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடித்தால், அந்தத் திசைக்குக் குறுக்கே ஓடும் கோடு எடுப்பாகத் தெரியும், அதே திசையில் ஓடும் கோடு மங்கிவிடும். இடப்பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடித்தால் நெட்டைக் கோடெல்லாம் மின்னும், படுக்கைக் கோடெல்லாம் மறையும். T அப்போது I போல நிற்கும். ஆகவே ஒரு படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது ஒரு பக்கத்துச் சாட்சி மட்டுமே. இன்னொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து இன்னொரு படம் வராமல் அந்த எழுத்து முடிவாகாது.

மோதிரத்தின் உட்புறத்துக்கென்று ஒரு குணம் உண்டு. உள்சுவர் குழிவாக வளைந்திருப்பதால் வெளிச்சம் ஒரு பட்டையாக, மோதிரத்தின் அகலத்துக்குக் குறுக்கே விழும். எழுத்து சுற்றளவின் வழியாக ஓடுகிறது. ஆக, பட்டை எப்போதும் ஓரிரு எழுத்தை வெட்டிக்கொண்டுதான் நிற்கும். இப்போது விளக்கையும் போனையும் அசைக்காமல் மோதிரத்தை மட்டும் அதே இடத்தில் கொஞ்சம் சுழற்றுங்கள். பட்டை இருந்த இடத்திலேயே இருக்கும், எழுத்துகள் அதன் அடியில் நகர்ந்து போகும். பட்டைக்குள் இருந்த எழுத்து வெளியே வரும், வெளியே இருந்தது உள்ளே போகும். இரண்டு படம் எடுத்தால் பெரும்பாலும் ஆறெழுத்தும் ஏதாவது ஒரு படத்தில் வெளிச்சத்துக்கு வெளியே இருக்கும். அதைவிட நல்லது, மோதிரத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பத்து விநாடி வீடியோ எடுப்பது. எழுத்து ஒவ்வொன்றும் பட்டையைக் கடந்து போகும்போது எது உண்மையான கோடு, எது பிரதிபலிப்பு என்பது தானே பிரிந்துவிடும். எழுத்து மோதிரத்தோடு நகரும், பிரதிபலிப்பு நகராது.

படம் அனுப்புகிறவர் வேறு ஊரில் இருந்தாலும் இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். "மோதிரத்தைக் கொஞ்சம் திருப்பி இன்னொன்று எடுத்து அனுப்புங்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள், வாசலில் நிழலில் நின்று எடுங்கள்" என்று கேட்பது ஒரு நிமிட வேலை. ஃப்ளாஷ் போன் இருக்கும் திசையிலிருந்தே அடிப்பதால் நேரே திரும்பிவந்து எழுத்தை விழுங்கிவிடும். நம் ஊர் நடுப்பகல் வெயிலும் அதே வேலையைத்தான் செய்யும். திண்ணை நிழலில், மோதிரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாளைக் குழல்போல் வளைத்து வைத்து, மேலே இருக்கும் வாய் வழியாக எடுத்தால் உள்சுவர் முழுக்க ஒரே சீரான வெள்ளையாகிவிடும். லேசர் எழுத்து அதில் கருப்பாக எழுந்து நிற்கும். போனை மோதிரத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்கச் சொல்லுங்கள். படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், 8-க்கும் B-க்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சுருக்கத்திலேயே போய்விடும்.

வெளிச்சத்தில் வெந்துபோன இடத்தை எடிட் செய்து மீட்கலாம் என்று சிலர் நம்புகிறீர்கள். முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் படத்துக்குள் ஒன்றும் பதிவாகியிருக்காது. இருட்டாக்கினால் வெள்ளை சாம்பலாகும், எழுத்து வராது. கான்ட்ராஸ்டை ஏற்றினால் இல்லாத ஓரங்கள் கோடுபோல் தோன்றும், அதுதான் இன்னும் மோசம்.

தலைகீழ் விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மோதிரத்துக்கு மேல், கீழ் கிடையாது. படம் தலைகீழாக வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 916 நேராகத் தெரிகிறதே என்று சொல்லாதீர்கள். 916-ஐத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், அப்போதும் 916-தான். 9 ஆறாகும், 6 ஒன்பதாகும், வரிசையும் திரும்பும், மறுபடி அதே எண். படம் நேராக இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. 22K916 என்று இருந்தால் K-யைப் பாருங்கள், அதற்கு முன்னால் இருக்கும் முக்கோண முத்திரையைப் பாருங்கள். அந்த இரண்டும்தான் எது மேல் என்று சொல்லும். அவை வெளிச்சத்துக்குள் போயிருந்தால், ஆறெழுத்தில் இருக்கும் 6, 9, M, W எதையும் நம்ப முடியாது.

இன்னொன்று, எல்லா மோதிரத்திலும் ஆறெழுத்து இருக்காது. 2021-க்கு முந்தைய ஹால்மார்க்கில் முக்கோண முத்திரை, 22K916, அதன் பின் ஹால்மார்க் மையத்தின் குறி, நகைக்கடையின் குறி என்று நான்கு இருக்கும். 2017-க்கு முந்தையதில் ஆண்டைக் குறிக்க ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கும், 2000-க்கு A, 2001-க்கு B என்று போகும். அதற்கும் முந்தைய நகையில் கடைக்காரர் தானே அடித்த KDM மட்டும் இருக்கும். பதிவேட்டில் ஆறு கட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக, கடைக் குறியையும் மையத்தின் குறியையும் ஒட்டவைத்து, நடுவில் தெரியாததை வெளிச்சத்தின் தலையில் போட்டு, ஆறாக நிரப்புகிறீர்கள். இப்படிப் பிறந்த எண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நகைக்கு ஆறெழுத்து எண் கிடையாது என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு மோதிரத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் போய்ப் பார்ப்போம். விளக்குவதற்காக எண்ணை நானே இட்டுக்கட்டுகிறேன். படத்தில் முக்கோணம் தெரிகிறது, 22K916 தெரிகிறது, அடுத்து ஆறிடம். முதலெழுத்து A, இரண்டாவது 7, நான்காவது K, ஆறாவது M. மூன்றாவதன் இடப்பாதியில் பட்டை விழுந்திருக்கிறது. ஐந்தாவது இன்னொரு பட்டையின் ஓரத்துக்குப் பக்கத்தில், மேல் பகுதி மங்கலாக. நீங்கள் வழக்கமாக A7BK5M என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள்.

நின்று யோசியுங்கள். மூன்றாவது எழுத்தின் வலப்பக்கம் இரண்டு வளைவு தெரிகிறது. அப்படியானால் அது 8, B, 3 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரிப்பது இடப்பக்கம் மட்டுமே. B-க்கு அங்கே நேர்க்கோடும் கூர்மூலையும் இருக்கும், 8-க்கு நடுவில் இடுப்பு உள்வாங்கும், 3-க்கு ஒன்றும் இருக்காது. நம் படத்தில் இடப்பக்கத்தைத்தான் வெளிச்சம் தின்றிருக்கிறது. ஆக, B என்று சொல்ல நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஐந்தாவதும் அப்படியே. 5-ஐயும் S-ஐயும் பிரிப்பது மேல் இடது மூலை. அங்கே படுக்கைக் கோடும் மூலையும் இருந்தால் 5, வளைந்து வந்தால் S. மங்கியிருப்பது அந்த மேல் பகுதிதான்.

எனவே கையில் இருக்கும் படத்திலிருந்து நேர்மையாக எழுதக்கூடியது இதுதான்:

```
A7[8/B/3]K[5/S]M
```

மூன்றும் இரண்டும் பெருக்கினால் ஆறு எண்கள். BIS CARE ஆப்பில் Verify HUID என்ற இடத்தில் ஆறையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. சரியான எண்ணாக இருந்தால் என்ன வகை நகை, எத்தனை காரட், எந்த மையத்தில், எந்தத் தேதியில் ஹால்மார்க் ஆனது என்று வரும். ஏதோ ஒரு விவரம் வந்துவிட்டது என்பதற்காக அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். தப்பான எண்ணுக்கும் ஒரு நகை இருக்கக்கூடும். A73K5M-க்கு 18 காரட் கம்மல் என்று வந்தால் அது நம்முடையது இல்லை. A78K5M-க்கு மோதிரம், 22 காரட் என்று வந்து, தேதியும் பில் தேதிக்கு முன்னால் இருந்தால் அது பொருந்துகிறது. அதில் வரும் கடைப்பெயர் நீங்கள் வாங்கிய கடையாக இல்லாவிட்டால் பதற வேண்டாம், செய்து கொடுத்தவரோ மொத்த வியாபாரியோ தம் பெயரில் ஹால்மார்க் எடுத்திருக்கலாம். மற்ற ஐந்தும் பொருந்தவில்லை என்றால் நிம்மதி. இரண்டு எண்ணுக்கு மோதிரம், 22 காரட் என்று வந்துவிட்டால் ஆப்பால் முடிவு செய்ய முடியாது, மோதிரத்தை லென்ஸில் பார்த்தே ஆக வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று எல்லா ஆசாரி பட்டறையிலும் இருக்கிறது. மோதிரத்தைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்தபோது மூன்றாவதில் இடுப்பு தெரிந்தால் 8. அப்போது பதிவேட்டில் அடைப்பை எடுத்துவிட்டு எழுதுங்கள், பக்கத்தில் "லென்ஸில் பார்த்தது" என்று போடுங்கள். கண்ணுக்குப் பளபளப்பு தொந்தரவாக இருந்தால் உட்புறத்தில் வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் படிந்து ஓரிரு விநாடி மெருகு மங்கும், அதற்குள் எழுத்து தெரிந்துவிடும். சைஸ் சின்னதாக்கிய மோதிரமாக இருந்தால் வெட்டி ஒட்டிய இடம் எண்ணின் மேலேயே விழுந்து ஓர் எழுத்து போயிருக்கவும் கூடும். அப்படிப் போனதைப் போனதென்றே எழுதுங்கள்.

கோப்பை, கேடயத் தகட்டை எழுதுகிறவர்கள், இதெல்லாம் தங்கத்துக்குத்தான் என்று தள்ளிவைக்காதீர்கள். மோதிர எண்ணைச் சரிபார்க்க ஓர் ஆப் இருக்கிறது. உங்கள் தகட்டுக்கு எதுவும் இல்லை. ஊர்க் கபடிக் குழுவின் சுழற்கேடயத்தில் ஒரு பெயரைத் தவறாக மாற்றி வெட்டிவிட்டால், பழைய தகடு எடைக்குப் போனபின் புதிய தகடுதான் சரித்திரம்.

தகடு தட்டையானது. அதனால் பட்டையாக இல்லாமல், எதிரில் இருப்பதெல்லாம் அப்படியே அதில் விழும். எடுக்கிறவர் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தால் அந்தக் கட்டமே எழுத்தின் குறுக்கே கோடாகத் தெரியும். தமிழ் எழுத்தில் இது பெரிய ஆபத்து, ஏனென்றால் ஒரு புள்ளி, ஒரு சுழி, ஒரு கொம்பில் நம் பெயர்கள் மாறிவிடும். மேலே ஓர் ஒளிப்பொட்டு விழுந்தால் க என்பது க் ஆகிவிடும். புள்ளி வெளிச்சத்துக்குள் போனால் க் என்பது க ஆகிவிடும். மு-வின் சுழி மறைந்தால் ம. தலைப்பெழுத்து கு-வா சு-வா என்பதை முடிவு செய்வது மேலே இருக்கும் ஒரு சின்னக் கோடுதான். பெயர் முழுதாக இருந்தால் ஊகத்துக்காவது இடம் உண்டு. தலைப்பெழுத்துக்கு ஊகமே கிடையாது, அது அவருடைய அப்பாவின் பெயர்.

ஆண்டையும் பாருங்கள். ராசிபுரம் பக்கத்துப் பள்ளித் தகடு ஒன்றின் படம் வருகிறது என்று வையுங்கள். 19-க்குப் பிறகு இருப்பது 6-ஆ, 8-ஆ, 9-ஆ என்று தெரியவில்லை, கடைசி இலக்கம் 8 என்பது தெளிவு. ஆக 1968, 1988, 1998 மூன்றும் சாத்தியம். அதே தகட்டில் "சேலம் மாவட்டம்" என்று இருக்கிறது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-இல். ராசிபுரமும் அதோடு நாமக்கல்லுக்குப் போனது. ஆகவே 1998 தள்ளுபடி. மீதி இரண்டில், "துணைத் தலைவர்" என்ற சொல்லில் ணை பழைய தும்பிக்கை வடிவில் இருக்கிறது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-இல் வந்தது, எனவே 1968 பக்கம் சாய்கிறது. ஆனால் முடிவாகவில்லை. அரசாணை வந்த பிறகும் பல ஆண்டுகள் கை பழகிய வடிவத்திலேயே வெட்டிய ஆசாரிகள் உண்டு. மாவட்டப் பெயர் ஓர் ஆண்டைத் தள்ளும் அளவுக்கு வலுவான சாட்சி, எழுத்து வடிவம் சாய்க்க மட்டுமே முடியும். இந்த வித்தியாசத்தைத் தாளில் காட்டுங்கள்: 19[6/8]8, பெரும்பாலும் 1968, காரணம் ணை வடிவம். மீதியைப் பள்ளியின் பழைய ஆண்டு மலரோ உயிரோடிருக்கும் ஆட்டக்காரரோ சொல்லட்டும்.

தகடு இருக்கும் இடத்தில் ஆள் இருந்தால், படத்தை விட்டுவிட்டு ஒரு மெல்லிய தாளும் பென்சிலும் எடுக்கச் சொல்லுங்கள். தாளைத் தகட்டின் மேல் நழுவாமல் பிடித்து, பென்சில் முனையைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் வெட்டிய எழுத்து வெள்ளையாக எழும். இதில் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை, அதனால் பிரதிபலிப்பும் இல்லை. கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பதும் இந்தக் காரணத்தால்தான். ஆழமாக வெட்டிய எழுத்துக்கு முகப்பவுடரை விரலால் தடவி மேலே துடைத்துவிட்டாலும் போதும், பள்ளத்தில் பவுடர் நின்று எழுத்தைக் காட்டும். மேலோட்டமான லேசர் எழுத்துக்கும் அச்சிட்ட தகட்டுக்கும் இந்த இரண்டும் பலிக்காது. ஒன்றை மட்டும் செய்ய வேண்டாமென்று கெஞ்சிக் கேட்கிறேன்: படம் எடுப்பதற்கு முன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லாதீர்கள். பளபளப்பு கூடினால் பிரதிபலிப்பும் கூடும், எழுத்துக்குள் நிரப்பியிருந்த கருப்பும் கழன்று வந்துவிடும். கறுத்துப்போன பழைய தகடு எழுத்தெடுப்பதற்கு நல்லது.

சந்தேகத்தைக் குறித்து எழுதினால் முதலாளி திட்டுவார், வேலை தெரியாதவன் என்பார் என்று உங்களில் பலர் பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கல்வெட்டு படிக்கிறவர்களைப் பாருங்கள், அச்சிட்ட பாடத்தில் சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுகிறார்கள். 1931-இல் லெய்டன் நகரத்தில் கூடிய அறிஞர்கள் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார்கள். முழுதும் போன எழுத்துக்கு ஒரு குறி, பாதி தெரியும் எழுத்துக்கு வேறொரு குறி. வாழ்நாள் முழுக்க எழுத்து படித்தவர்களே தெரியாததைத் தெரியவில்லை என்று குறிக்கிறார்கள், அதனால் யாரும் அவர்களை மட்டமாக நினைத்ததில்லை. முதலாளிகளே, நீங்களும் இதைப் படித்தால், அடைப்புக்குறியோடு வரும் சீட்டைத் திருப்பி எறியாதீர்கள். அந்தச் சீட்டில்தான் எங்கே மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இந்த எழுத்தெடுக்கும் வேலை குறையப்போவதில்லை, கூடத்தான் போகிறது. 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கும் இதேபோல் ஆறெழுத்து எண் வந்திருக்கிறது, இப்போதைக்கு விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். அது கட்டாயமாகும் நாளில் நம் சேலத்துக் கொலுசு எத்தனை உங்கள் மேசைக்குப் படமாக வரும் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளி தங்கத்தைவிட அதிகமாக வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கறுக்கவும் செய்யும். இப்போதே பழகாவிட்டால் அப்போது பழக நேரம் இருக்காது.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரே படத்தை வைத்து எண்ணையோ பெயரையோ முடிக்காதீர்கள், மோதிரத்தைத் திருப்பியோ வெளிச்சத்தை மாற்றியோ குறைந்தது இன்னொன்று கேட்டு வாங்குங்கள். பாதி தெரிந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் சாத்தியங்களோடு எழுதுங்கள், ஒன்றுமே தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், இடத்தின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள். பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இழுத்து, எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று போடுங்கள்: படம், ஆப், லென்ஸ், பென்சில் தேய்ப்பு, எதுவோ அது. எனக்கு வெட்ட அனுப்பும் தாளிலும் அதே அடைப்புக்குறியை அப்படியே விட்டு அனுப்புங்கள். அடைப்பு இருக்கும் எழுத்தை நான் வெட்டமாட்டேன், உங்களைக் கூப்பிட்டுக் கேட்பேன். அந்த ஒரு போன் பேச்சுக்கு நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, உங்கள் எழுத்தை வெட்டுகிறவன்